துப்பாக்கி பழுதில்லை, டிவிதான் மாறிவிட்டது

தொண்ணூறுகளில் பிள்ளைப் பருவத்தைக் கழித்த பேராக் தமிழர்களிடம் ‘மைக்ரோ ஜீனியஸ்’ என்று சொல்லிப் பாருங்கள். முகத்தில் ஒரு சிரிப்பு வரும். தைவானில் தயாரான அந்த விளையாட்டுப் பெட்டி, ஜப்பானின் நிண்டெண்டோ பெட்டியைப் போலவே இயங்கியது. அதைவிட மலிவாகக் கிடைத்தது. கேசட்டைச் செருகி டிவியில் இணைத்தால் போதும். அதோடு சேர்த்து வாங்கிய பிளாஸ்டிக் துப்பாக்கியைத் திரையை நோக்கிச் சுட்டால் வாத்து விழும். 1984-ஆம் ஆண்டு நிண்டெண்டோ வெளியிட்ட ‘டக் ஹன்ட்’ என்ற அந்த ஆட்டத்தைத் தோட்டத்து லயங்களிலும் ஈப்போ தாமான்களிலும் ஆடாத பிள்ளைகள் குறைவு.

அதே பெட்டியை இன்று வீட்டில் இருக்கும் தட்டை டிவியில் இணைத்தால் படம் வருகிறது, சத்தம் வருகிறது, வாத்தும் பறக்கிறது. ஆனால் துப்பாக்கியைத் திரையில் ஒட்டி வைத்துச் சுட்டாலும் ஒரு வாத்துகூட விழுவதில்லை. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்து, இப்போது புந்தோங்கில் குடியிருக்கும் என் மாமா தன் பழைய பெட்டியை எடுத்துச் சோதித்துவிட்டு, “துப்பாக்கி செத்துப் போச்சு மாப்ள, தூக்கிப் போட்டுடலாம்” என்றார். பல வீடுகளில் இந்தத் துப்பாக்கிகள் இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன. அவற்றில் பெரும்பாலானவை நல்ல நிலையில் இருப்பவையாகவே இருக்கும். அவை எதிர்பார்க்கும் ஒரு செயலைத் தட்டை டிவி செய்வதில்லை என்பதுதான் சிக்கல். அது என்ன செயல் என்று புரிந்துகொண்டால், எந்த மாற்று வழி பயன்படும், எதில் பணம் வீணாகும் என்பதையும் நாமே கண்டுகொள்ளலாம்.

சுடுவதில்லை, பார்க்கிறது

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். இந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. டிவிக்குள் எதையும் அது அனுப்புவதும் இல்லை. குழலின் நுனியில் ஒரு கண்ணாடி வில்லை, அதற்குப் பின்னால் ஓர் ஒளியுணரி, கொஞ்சம் மின்சுற்று. அவ்வளவுதான் உள்ளே இருக்கிறது. அதாவது துப்பாக்கி என்பது ஒரு கண். டிவியில் ஒரு சிறு பகுதியைப் பார்த்து, “வெளிச்சம் இருக்கிறது” அல்லது “இல்லை” என்று பெட்டிக்குச் சொல்கிறது. விசை அழுத்தப்பட்டதா என்பதைத் தனியாகச் சொல்கிறது. இந்த இரண்டு தகவலுக்கு மேல் அதனால் எதுவும் சொல்ல முடியாது.

இரண்டு வாத்துகள் பறக்கும்போது நீங்கள் விசையை அழுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி உடனே திரை முழுவதையும் கறுப்பாக்குகிறது. அடுத்த படத்தில் முதல் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டத்தை வரைகிறது. அதற்கும் அடுத்த படத்தில் இரண்டாவது வாத்தின் இடத்தில் வெள்ளைக் கட்டம் வருகிறது. பிறகு பழைய காட்சி திரும்பிவிடுகிறது. நம் நாட்டு டிவி முறையில் விநாடிக்கு 50 முறை படம் வரையப்படும். ஆகவே ஒரு படத்துக்கு 20 மில்லி விநாடி. மூன்று படங்களும் சேர்ந்து 60 மில்லி விநாடிதான். நம் கண்ணுக்கு அது ஒரு சிறு மின்னலாக மட்டுமே தெரியும்.

இனிப் பெட்டியின் கணக்கு எளிது. இரண்டாவது படத்தின்போது துப்பாக்கி வெளிச்சத்தைப் பார்த்தால் முதல் வாத்து விழும். மூன்றாவது படத்தின்போது பார்த்தால் இரண்டாவது வாத்து விழும். எதிலும் பார்க்கவில்லை என்றால் குறி தப்பியது.

அப்படியானால் முதலில் வந்த கறுப்புப் படம் எதற்கு? அது கள்ள ஆட்டத்தைப் பிடிக்க. துப்பாக்கியை வீட்டு விளக்கை நோக்கிப் பிடித்தால் எப்போதும் வெளிச்சம் தெரியுமே, எல்லா வாத்தும் விழுந்துவிடாதா என்று யாருக்கும் தோன்றும். மாமாவின் தோட்டத்திலும் பிள்ளைகள் இதை முயன்றிருக்கிறார்கள். வாத்து விழும் என்று ஒரு கட்சி, விழாது என்று ஒரு கட்சி, சண்டை வேறு. டக் ஹன்ட்டைப் பொறுத்தவரை விழாது என்றவர்களே சரி. திரை கறுப்பாக இருக்க வேண்டிய நேரத்திலும் துப்பாக்கி “வெளிச்சம் இருக்கிறது” என்று சொன்னால், அது திரையைப் பார்க்கவில்லை என்று பெட்டி முடிவு செய்துவிடும். அந்தச் சுடுதல் கணக்கில் வராது.

பெட்டி டிவி வரையும் விதம்

பிக்சர் டியூப் உள்ள பழைய பெட்டி டிவி, ஒரு படத்தை முழுதாக ஒரே நேரத்தில் காட்டுவதில்லை. குழாயின் பின்பக்கத்திலிருந்து வரும் எலெக்ட்ரான் கற்றை, திரையின் மேல் இடது மூலையில் தொடங்கி ஒரு கோடு வரைகிறது; பிறகு அதற்குக் கீழே அடுத்த கோடு. இப்படியே கீழ் மூலை வரை போய், மறுபடியும் மேலே வருகிறது. படிவம் 5 இயற்பியலில் மின்னணுவியல் பாடத்தில் கேதோடு கதிர் பற்றிப் படித்திருப்பீர்கள். அதே கதிர்தான்.

கற்றை பட்ட இடத்தில் திரையின் உட்புறப் பூச்சு பளிச்சென்று ஒளிர்ந்து, உடனே மங்கத் தொடங்கிவிடும். எந்த ஒரு கணத்திலும் கற்றை இருக்கும் இடத்தைச் சுற்றிய சில கோடுகள்தான் பிரகாசமாக இருக்கும். மீதித் திரை மங்கிப்போய்க் கிடக்கும். நம் கண்ணும் மூளையும் மெதுவாக வேலை செய்வதால் நமக்கு அது முழுப் படமாகத் தெரிகிறது. துப்பாக்கியின் ஒளியுணரி வேகமானது. அதை அப்படி ஏமாற்ற முடியாது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நம் முறையில் ஒரு முழுப் படத்துக்கு 625 கோடுகள். விநாடிக்கு 25 முழுப் படங்கள், ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாக. 625-ஐ 25-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 15,625 கோடுகள். ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ விநாடி. ஆகவே வெள்ளைக் கட்டத்தைப் பார்க்கும் துப்பாக்கிக்கு வெளிச்சம் சீராக வருவதில்லை. 64 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு, மறுபடியும் ஒரு துடிப்பு என்று வருகிறது. கட்டம் 32 கோடு உயரம் என்று வைத்துக்கொண்டால், அந்தத் துடிப்பு வரிசை சுமார் 2 மில்லி விநாடி மட்டும் நீடிக்கும். பிறகு அடுத்த படம் வரும்வரை இருள்.

நிண்டெண்டோவின் அசல் துப்பாக்கியை வடிவமைத்தவர்கள் இதையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். ஒளியுணரிக்குப் பின்னால் ஒரு வடிகட்டிச் சுற்று உண்டு. விநாடிக்கு ஏறத்தாழ 15,000 முறை துடிக்கும் ஒளியை மட்டும் அது உள்ளே விடும். சூரிய ஒளி துடிப்பதே இல்லை. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய குண்டு பல்பு விநாடிக்கு 100 முறைதான் துடிக்கும். இரண்டையும் வடிகட்டி தடுத்துவிடும். பெட்டி டிவியின் ஒளி மட்டும் உள்ளே போகும். மலிவான நகல் துப்பாக்கிகள் பலவற்றில் இந்த வடிகட்டி இருப்பதில்லை. பிறகு சொல்லப்போகும் ஒரு விஷயத்துக்கு இந்த வேறுபாடு தேவைப்படும்.

தட்டை டிவியில் எது தவறுகிறது?

இரண்டு விஷயங்கள் தவறுகின்றன. இரண்டும் தனித்தனி. ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றது தடுக்கும்.

முதலாவது, துடிப்பு இல்லை. தட்டை டிவியில் பின்னால் இருக்கும் விளக்குகள் எந்நேரமும் எரிகின்றன. முன்னால் உள்ள திரவப் படிகப் புள்ளிகள் திறந்து மூடி ஒளியை விடுகின்றன. வெள்ளைக் கட்டம் வந்தால், அடுத்த படம் வரும்வரை அது வெள்ளையாகவே நிற்கிறது. சில டிவிகளில் பிரகாசத்தைக் குறைப்பதற்காகப் பின்விளக்கை வேகமாக அணைத்து எரிப்பார்கள். அதுவும் பொதுவாக விநாடிக்குச் சில நூறு முறைதான். 15,625-க்குப் பக்கத்தில்கூட வராது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பி, ஓர் ஒளி டையோடை நண்பரின் சிறிய ஆசிலோஸ்கோப்பில் இணைத்து இரண்டு டிவிகளின் முன்னும் வைத்துப் பார்த்தேன். பெட்டி டிவியின் முன் 64 மைக்ரோ விநாடி இடைவெளியில் பல் வரிசை போன்ற துடிப்புகள் தெளிவாகத் தெரிந்தன. தட்டை டிவியின் முன் கிட்டத்தட்ட நேர்கோடு. வடிகட்டி உள்ள துப்பாக்கிக்கு அந்த நேர்கோடு இருட்டுக்குச் சமம். திரை எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் அது “இல்லை” என்றுதான் சொல்லும்.

இரண்டாவது, தாமதம். பெட்டி டிவிக்கு வரும் சமிக்ஞை நேராகக் கற்றையை இயக்குகிறது. பெட்டி அனுப்பும் கணத்திலேயே கோடு திரையில் விழுகிறது. தட்டை டிவி அப்படிச் செய்வதில்லை. வரும் படத்தை முதலில் நினைவகத்தில் வாங்கிக்கொள்கிறது. எண் வடிவமாக மாற்றுகிறது. பாதிப் படங்களை இணைக்கப் பார்க்கிறது. தன் பெரிய திரைக்கு ஏற்றபடி பெரிதாக்குகிறது. அதன் பிறகே காட்டுகிறது.

இந்தத் தாமதத்தை நீங்களே அளக்கலாம். ஏ.வி. கம்பியைப் பிரித்து இரண்டு டிவிகளுக்கும் ஒரே படத்தை அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கைப்பேசியில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட முறையில் பதிவு செய்து, விசையை அழுத்துங்கள். பெட்டி டிவியில் மின்னல் வந்த படத்துக்கும் தட்டை டிவியில் அது வந்த படத்துக்கும் இடையே எத்தனை படங்கள் என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 4.2 மில்லி விநாடி. எங்கள் வீட்டு டிவியில் 17 படங்கள் இருந்தன. அதாவது ஏறத்தாழ 71 மில்லி விநாடி. கேம் மோட் அமைப்பைப் போட்ட பிறகு 9 படங்களாகக் குறைந்தது. சுமார் 38 மில்லி விநாடி.

இந்த எண்ணை டக் ஹன்ட் கணக்கில் வைத்துப் பாருங்கள். பெட்டி “இப்போது முதல் வாத்தின் கட்டம் தெரிகிறது” என்று நினைத்துத் துப்பாக்கியைக் கேட்கும் நேரத்தில், 71 மில்லி விநாடி பின்தங்கிய டிவியில் இன்னும் பழைய நீல வானம்தான் இருக்கிறது. கறுப்புப் படமே இனிமேல்தான் வரப்போகிறது. கட்டங்கள் திரைக்கு வரும்போது பெட்டி கேள்வியை முடித்துவிட்டு, குறி தப்பியது என்று எழுதிவிட்டது. கேம் மோடில் 38 மில்லி விநாடிதானே என்றால், ஒரு படத்துக்குரிய நேரமே 20 மில்லி விநாடி. அதுவும் போதாது.

வடிகட்டி இல்லாத நகல் துப்பாக்கியின் நிலை இன்னும் வேடிக்கையானது. அது தட்டை டிவியின் வெளிச்சத்தைப் பார்க்கும். ஆனால் கறுப்புப் படத்தின் முறை வரும்போது திரையில் நீல வானம் பிரகாசமாக இருக்கிறது. பெட்டி என்ன நினைக்கும்? யாரோ விளக்கைப் பார்த்துச் சுடுகிறார்கள் என்று நினைத்து அந்தச் சுடுதலைத் தள்ளிவிடும்.

பிறகு வந்த சில துப்பாக்கிகள் வேறு முறையைக் கையாண்டன. பிளேஸ்டேஷனுக்கு நாம்கோ நிறுவனம் செய்த ‘கன்கான்’, டிவிக்குப் போகும் மஞ்சள் கம்பியிலிருந்தும் ஓர் இணைப்பை எடுத்துக்கொள்ளும். ஒரு படம் தொடங்கியதிலிருந்து தன் கண்ணில் ஒளி பட்ட கணம் வரை உள்ள நேரத்தை அளக்கும். 6,400 மைக்ரோ விநாடி கழித்து ஒளி பட்டால், கற்றை 100 கோடுகளைக் கடந்திருக்கிறது என்று பொருள். கோட்டுக்குள் எவ்வளவு தூரம் என்பதும் அதே நேரக் கணக்கில் கிடைத்துவிடும். அழகான முறை, ஆனால் ஓடும் கற்றை இல்லாத திரையில் இந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது.

பழுதா, டிவியா என்று எப்படி அறிவது?

விசையை அழுத்தும்போது திரை ஒரு கணம் கறுத்து மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் விசை, கம்பி, பெட்டி மூன்றும் நலம். மிஞ்சுவது கண் மட்டும். மின்னவே இல்லை என்றால் கம்பி அறுந்திருக்கலாம் அல்லது விசையின் தொடுமுனை தேய்ந்திருக்கலாம். அதைத்தான் பழுது என்று சொல்ல வேண்டும்.

கண்ணைச் சோதிக்கப் பெட்டி டிவி ஒன்று வேண்டும். மாமாவின் துப்பாக்கியை உறவினர் வீட்டு 14 அங்குலப் பெட்டி டிவியில் இணைத்தோம். முதலில் அதிலும் விழவில்லை. பிரகாசத்தையும் மாறுபாட்டையும் கூட்டி, வில்லையில் படிந்திருந்த தூசியைப் பஞ்சால் துடைத்த பிறகு வாத்துகள் விழத் தொடங்கின. “அடப்பாவி, இது உயிரோடதான் இருக்கு” என்றார் மாமா.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். திரை தட்டையாக இருப்பது பிரச்சினையே இல்லை. இரண்டாயிரமாம் ஆண்டுகளில் கண்ணாடி தட்டையாக, பின்பக்கம் மட்டும் பெருத்த பெட்டி டிவிகள் விற்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் துப்பாக்கி நன்றாக வேலை செய்யும். மாறாக, 100 ஹெர்ட்ஸ் என்று முகப்பில் எழுதியிருக்கும் பெட்டி டிவிகளில் வேலை செய்யாது. அவை படத்தை நினைவகத்தில் வாங்கி இரண்டு மடங்கு வேகத்தில் வரைகின்றன. கோடுகளின் எண்ணிக்கை விநாடிக்கு 31,250 ஆகிவிடுகிறது, தாமதமும் சேர்ந்துகொள்கிறது.

மாற்று வழிகள்

முதலில், பணம் வீணாகும் வழி. ஏ.வி. சமிக்ஞையை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றும் சிறு பெட்டிகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றால் படம் தெளிவாகலாம். துடிப்பு வராது, தாமதம் கூடத்தான் செய்யும். துப்பாக்கிக்காக அதை வாங்க வேண்டாம்.

பழைய பெட்டி, பழைய கேசட், பழைய துப்பாக்கி மூன்றையும் அப்படியே பயன்படுத்த விரும்புவோருக்கு நேரான வழி பெட்டி டிவிதான். நம் நாட்டில் அனலாக் ஒளிபரப்பு 2019-ஆம் ஆண்டு லங்காவியில் தொடங்கிக் கட்டங்கட்டமாக நிறுத்தப்பட்டது. ஆனால் விளையாட்டுப் பெட்டிக்கு ஒளிபரப்பு தேவையில்லை. ஏ.வி. துளை வேலை செய்தால் போதும். ஈப்போவில் ஞாயிறு காலையில் கூடும் ‘மெமரி லேன்’ பழம்பொருள் சந்தை போன்ற இடங்களிலும் பழைய டிவி பழுதுபார்க்கும் கடைகளிலும் தேடிப் பார்க்கலாம். வாங்கும் முன் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். படம் மங்கலாக இருந்தால் குழாய் தேய்ந்துவிட்டது. துப்பாக்கிக்கு அந்த ஒளி போதாது. முக்கியமான எச்சரிக்கை: பின்மூடியை நீங்களே திறக்காதீர்கள். உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் உண்டு. சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

பழைய பெட்டியைத் தட்டை டிவியிலேயே வேலை செய்ய வைத்தவர்களும் இருக்கிறார்கள். அதற்கு இரண்டு தடைகளையும் சேர்த்தே நீக்க வேண்டும். துப்பாக்கியின் வடிகட்டியை எடுத்துவிட்டு, ஆட்டத்தின் நிரலிலும் கைவைத்து, “கட்டத்தை வரைந்த பிறகு இத்தனை படங்கள் காத்திருந்து கேள்” என்று மாற்ற வேண்டும். காத்திருக்கும் அளவு ஒவ்வொரு டிவிக்கும் வேறு. ஒவ்வோர் ஆட்டத்தையும் தனித்தனியே திருத்தவும் வேண்டும். சாலிடரிங் தெரிந்தவர்களுக்கே இந்த வழி.

மற்ற வழிகள் எல்லாம் ஒரே யோசனையின் வளர்ச்சிதான். துப்பாக்கி டிவியின் துடிப்பை நம்ப வேண்டாம். திரையைச் சுற்றி அசையாத அடையாளங்களை வைத்து, துப்பாக்கிக்குள் ஒரு கேமராவைப் பொருத்திவிடலாம். அடையாளங்கள் கேமராவின் பார்வையில் எங்கே விழுகின்றன என்பதை வைத்து, குழல் எங்கே நோக்குகிறது என்று கணக்கிடலாம். அப்போது டிவி எந்த வகையாக இருந்தாலும் கவலை இல்லை.

2006-இல் வந்த நிண்டெண்டோ ‘வீ’ இதைப் பரவலாக்கியது. டிவியின் மேலோ கீழோ வைக்கும் நீளமான பட்டையை ‘சென்சார் பார்’ என்று அழைத்தாலும், அது எதையும் உணர்வதில்லை. அதன் இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் உள்ளன. கேமரா நம் கையில் இருக்கும் கருவியில் இருக்கிறது. அந்தப் பட்டை பழுதானால் அதன் இடத்தில் இரண்டு மெழுகுவத்திகளை இடைவெளி விட்டு ஏற்றி வைத்தும் ஆடலாம். தீச்சுடரிலும் அகச்சிவப்பு இருப்பதுதான் காரணம். 2014-இல் இதே கருவியால் ஆடும்படி டக் ஹன்ட்டை நிண்டெண்டோ தன் அடுத்த பெட்டியான ‘வீ யூ’வுக்கு வெளியிட்டது.

இதில் ஒரு குறை உண்டு. இரண்டு அடையாளங்களை மட்டும் பார்க்கும் கேமராவுக்கு, நீங்கள் திரைக்கு நேராக நிற்கிறீர்களா, பக்கவாட்டில் நிற்கிறீர்களா என்று உறுதியாகத் தெரியாது. அதனால்தான் திரையில் ஒரு குறிவட்டத்தைக் காட்டி, அதை நகர்த்திச் சுட வைக்கிறார்கள். குழலின் மேல் கண்ணை வைத்துக் குறிபார்க்கும் அந்தப் பழைய சுகம் இல்லை.

அடையாளங்கள் நான்காக இருந்தால் அந்தக் குறை தீர்கிறது. பக்கத்திலிருந்து ஒரு கதவைப் பார்த்தால் செவ்வகம் சரிந்து தெரியும் அல்லவா? அந்தச் சரிவிலிருந்தே நாம் நிற்கும் கோணத்தைக் கணக்கிடலாம். இந்த அடிப்படையில் இப்போது இரண்டு வகைத் துப்பாக்கிகள் இருக்கின்றன.

முதல் வகை, 2019-இல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் நிதி திரட்டிய ‘சிண்டன்’ துப்பாக்கி. இதற்கு விளக்குகள் வேண்டாம். ஆட்டத்தைச் சுற்றி ஒரு வெள்ளை விளிம்பைக் கணினி வரைகிறது. துப்பாக்கியின் கேமரா அந்தச் செவ்வகத்தைத் தேடிப் பிடிக்கிறது. டிவியில் எதையும் ஒட்ட வேண்டியதில்லை. ஆனால் விளிம்பு திரையில் கொஞ்சம் இடம் பிடிக்கும். திரையில் ஜன்னல் வெளிச்சம் பிரதிபலித்தால் கேமரா தடுமாறும்.

இரண்டாம் வகை, நாமே செய்துகொள்ளக்கூடிய Gun4IR போன்றவை. திரையைச் சுற்றி நான்கு இடங்களில் அகச்சிவப்பு விளக்குகளைப் பொருத்தி, துப்பாக்கிக்குள் வீ கருவியில் இருந்ததைப் போன்ற கேமராவையும் ஒரு சிறிய ஆர்டுயினோ பலகையையும் வைக்கிறார்கள். யு.எஸ்.பி. வழியாகக் கணினிக்கு அது ஒரு மவுஸைப் போலத் தெரியும். விளக்கு எரிகிறதா என்று வெறுங்கண்ணால் பார்க்க முடியாது; கைப்பேசியின் முன்கேமராவில் பார்த்தால் பெரும்பாலும் ஊதா நிறப் புள்ளியாகத் தெரியும். குறி திடீரென்று எங்கோ தாவினால், கேமராவின் பார்வையில் வேறோர் அகச்சிவப்பு மூலம் இருக்கிறது என்று பொருள். நம் வீடுகளில் அது திறந்த கதவு வழியே வரும் மாலை வெயிலாக இருக்கலாம். டிவி பக்கத்தில் உள்ள சாமி மேடையின் எண்ணெய் விளக்காகவும் இருக்கலாம்.

இந்த இரண்டு வகைகளும் கணினிக்கானவை என்பதை மறக்க வேண்டாம். மைக்ரோ ஜீனியஸ் பெட்டியில் அவற்றைச் செருக முடியாது. பழைய பெட்டியைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில்தான் ஆட வேண்டும். அங்கே டிவியின் தாமதம் இருந்தாலும் குறி தவறாது. துப்பாக்கி சொல்லும் இடத்துக்கும் திரை காட்டும் நேரத்துக்கும் தொடர்பு இல்லை. சுட்டதற்கும் வாத்து விழுவதற்கும் இடையே சிறு இடைவெளி தெரியும், அவ்வளவுதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கையில் இருப்பதைப் பொறுத்து முடிவு செய்யலாம். பழைய பெட்டியும் துப்பாக்கியும் இருந்து, பெட்டி டிவிக்கு மூலையில் இடமும் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். வீ பெட்டி உறவினர் யாரிடமாவது சும்மா கிடந்தால், செலவில்லாமல் தட்டை டிவியில் ஆடலாம். கணினி இருந்து, குறிபார்த்துச் சுடும் உணர்வு வேண்டும் என்றால் சிண்டன் அல்லது நான்கு விளக்கு முறை. மின்னணுவியலில் ஆர்வமுள்ள படிவம் 4, 5 மாணவர்களுக்கு நான்கு விளக்கு முறை ஒரு நல்ல செயல்திட்டமாகவும் அமையும்.

பெட்டி டிவியைக் கழிப்பதாக இருந்தால் அதைச் சாலையோரக் குப்பையில் வைக்க வேண்டாம். அதன் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. நம் நாட்டுச் சுற்றுச்சூழல் விதிகளில் கேதோடு கதிர்க் குழாயின் கண்ணாடி SW110 என்ற குறியீட்டின்கீழ் மின்னணுக் கழிவாக வருகிறது. மின்னணுக் கழிவு சேகரிக்கும் மையத்தில் ஒப்படையுங்கள். அதற்கு முன், பெட்டி டிவி வேண்டும் என்று தேடும் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று ஒருமுறை விசாரியுங்கள். அந்த 14 அங்குல டிவியும் கழிவுக்குப் போக இருந்ததுதான். இப்போது புந்தோங்கில் மாமாவின் வரவேற்பறை மூலையில் இருக்கிறது.